பழைய பிளாட் சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும்: ஹேமர் ரிப்போர்ட்டை மட்டும் வச்சு முடிவெடுக்காதீங்க

சென்னையில முப்பது வருஷம் தாண்டுன பிளாட்ல சங்கம் நடத்துற எல்லாருக்கும் வணக்கம். நான் கட்டடப் பொருள் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன், இப்ப உங்களை மாதிரியே ஒரு பழைய பிளாட்ல குடியிருக்கேன். 1988ல கட்டுனது, ஸ்டில்ட் பார்க்கிங், அதுக்கு மேல மூணு மாடி. எங்க சங்கத்துல போன வருஷம் நடந்ததை உங்க எல்லாருக்கும் சொல்லணும்னு தான் இதை எழுதறேன், ஏன்னா இதே மாதிரி ரிப்போர்ட்டை கையில வச்சுக்கிட்டு ரெண்டு மூணு சங்கத்துக்காரங்க என்கிட்ட வந்து கேட்டுட்டாங்க.

ஒரு பில்டர் வந்தார். மேல ஒரு மாடி கட்டிக்கறேன், அதுக்கு பதிலா லிஃப்ட் போட்டு தரேன், பெயிண்ட் அடிச்சு தரேன்னு சொன்னார். கட்டடம் தாங்குமான்னு கேட்டோம். அவரே ஒரு ஏஜென்சிய கூட்டிட்டு வந்து ஒரே காலையில டெஸ்ட் முடிச்சு ரிப்போர்ட் கொடுத்தார். ஸ்டில்ட்ல இருக்கற பதினெட்டு பில்லர்லயும் கான்கிரீட் பலம் பார்க்கற ஹேமர் அடிச்சிருக்காங்க, சராசரி ரீபவுண்ட் 38, அதனால கான்கிரீட் பலம் சதுர மில்லிமீட்டருக்கு 35 நியூட்டன், ரொம்ப நல்லா இருக்கு, மாடி எழுப்பலாம்னு கடைசி பக்கத்துல சீல். கமிட்டியில எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

காரணம் சாதாரணமானது தான். எங்க கட்டடத்தோட பழைய டிராயிங் என்கிட்ட இருக்கு, அதுல கான்கிரீட் எம்15, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 15 நியூட்டன். அந்த காலத்துல வீட்டு பிளாட்டுக்கு அது தான் வழக்கம், 2000ல கான்கிரீட்டுக்கான இந்திய ஸ்டாண்டர்ட் ஐஎஸ் 456ஐ திருத்தினப்ப தான் ஆர்சிசிக்கு குறைஞ்சது எம்20ன்னு ஏத்துனாங்க. சைட்ல கை மிக்ஸர்ல, இரும்புச் சட்டியில ஜல்லி அளந்து போட்ட எம்15 கான்கிரீட் வயசாக ஆக கொஞ்சம் கூடும் தான், ஆனா ரெண்டு மடங்குக்கு மேல கூடி 35க்கு வந்து நிக்குதுன்னா எங்கயோ தப்பு இருக்குன்னு அர்த்தம்.

அந்த ஹேமர் என்ன பண்ணுதுன்னு ஒரு தடவை சொல்லிடறேன். ஸ்விட்சர்லாந்து இன்ஜினியர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் 1950 வாக்குல கொண்டு வந்த கருவி அது. உள்ள ஒரு ஸ்பிரிங், ஒரு இரும்பு எடை. குழாயை சுவத்துல வச்சு அழுத்துனா ஸ்பிரிங் விடுபட்டு எடை போய் முன்னாடி இருக்கற கம்பியில மோதி திரும்பி வரும், எவ்ளோ தூரம் திரும்புதோ அது தான் நம்பர். அதாவது அது பலத்தை அளக்கல, மேல்தோல் எவ்ளோ கெட்டியா இருக்குன்னு அளக்குது. மேல இருந்து சுமார் மூணு சென்டிமீட்டர் ஆழத்துல இருக்கறது தான் அதுக்கு தெரியும், அதுக்கு உள்ள இருக்கறது தெரியாது. ஹேமர் மேல ஒட்டியிருக்கற கிராஃப் அந்த நம்பரை பலமா மாத்தி காட்டும், ஆனா அந்த கிராஃப் யாரோ எங்கயோ புது கான்கிரீட் க்யூப்பை உடைச்சு போட்டது, நம்ம ஊரு ஜல்லி, நம்ம ஊரு முப்பது வருஷத்து கான்கிரீட்டுக்கு போட்டது இல்ல.

பழைய கான்கிரீட்ல பெரிய சிக்கல் கார்பனேஷன். காத்துல இருக்கற கார்பன் டை ஆக்ஸைடு வருஷக்கணக்கா மெதுவா உள்ள போய் கான்கிரீட்ல இருக்கற சுண்ணாம்போட சேர்ந்து கால்சியம் கார்பனேட்டா மாறும், அந்த மேல்பகுதி கெட்டியாயிடும். ஹேமர் அதுல நல்லா துள்ளும். ஹேமருக்கு 2020 வரைக்கும் இருந்த நம்ம இந்திய ஸ்டாண்டர்ட், ஐஎஸ் 13311 ரெண்டாம் பாகம், 1992ல வந்தது, அதுலயே எழுதியிருந்துது, கார்பனேஷன் ஆன பரப்புல மோசமான நிலைமையில பலம் ஐம்பது சதவீதம் வரைக்கும் கூட காட்டும்னு. நல்ல நிலைமையிலயே இருபத்தஞ்சு சதவீதம் முன்ன பின்ன இருக்கும்னும் அதுலயே இருந்துது. இந்த ரெண்டு வரியும் எங்க ரிப்போர்ட்ல எங்கயும் இல்ல.

அடுத்த ஞாயித்துக்கிழமை நானும் இன்னும் ரெண்டு ஓனருங்களும் கீழ இறங்குனோம். முன்பக்கம் கேட்டுக்கு பக்கத்துல இருக்கற பில்லர்ல பூச்சை எடுத்துட்டு சின்னதா ஒரு குழி கொத்துனோம், ஊதி தூசி எடுத்து, கடையில வாங்கின ஃபினாப்தலீன் கரைசலை தெளிச்சோம். கான்கிரீட் காரத்தன்மையோட இருந்தா ரோஸ் கலர் வரும், கார்பனேஷன் ஆன இடம் நிறம் மாறாம அப்படியே இருக்கும். மேல இருந்து 35 மில்லிமீட்டர் வரைக்கும் ஒரு கலரும் இல்ல, அதுக்கு அப்புறம் தான் ரோஸ் கோடு ஆரம்பிச்சுது. இந்த பில்லர்ல தான் ஹேமர் 40 காட்டியிருக்கு, ரிப்போர்ட்ல இருக்கற பதினெட்டுல இது தான் டாப்.

இங்க தான் எனக்கு பயம் வந்துது, அது பலத்தை பத்தின பயம் மட்டும் இல்ல. பில்லர்ல கம்பிக்கு மேல இருக்கற கான்கிரீட், அதாவது கவர், 40 மில்லிமீட்டர்னு டிராயிங்ல இருக்கு, கார்பனேஷன் 35க்கு வந்துடுச்சு, இன்னும் அஞ்சு மில்லிமீட்டர் தான் பாக்கி, அதுவும் கவர் டிராயிங்ல இருக்கற மாதிரியே இருந்தா. அந்த காரத்தன்மை தான் கம்பியை துருப்பிடிக்காம காப்பாத்துது, கார்பனேஷன் கம்பியை தொட்டுட்டா ஈரம் கிடைச்ச உடனே துரு ஆரம்பிச்சுடும். ஹேமரை நல்லா துள்ள வைக்கறது எதுவோ அதுவே தான் உள்ள இருக்கற கம்பிக்கு எமன். பெரிய நம்பரை பார்த்து சந்தோஷப்பட்டோமே, அது உண்மையில எச்சரிக்கை.

ஜெனரல் பாடி கூட்டி கோர் எடுக்க, அதாவது பில்லர்ல இருந்து உருளையா ஒரு கான்கிரீட் துண்டை வெட்டி எடுத்து லேப்ல உடைச்சு பார்க்க, ஒத்துக்க வச்சேன். சும்மா இல்ல, ஒரு மாசம் சண்டை. பில்லர்ல ஓட்டை போடறதான்னு கேட்டாங்க, நியாயமான கேள்வி தான். அதனால எப்படி எடுத்தோம்னு சொல்றேன். முதல்ல கவர் மீட்டர் வச்சு கம்பி எங்க போகுதுன்னு சாக்பீஸ்ல பில்லர் மேலயே கோடு போட்டோம், மெயின் கம்பிக்கும் ரிங்குக்கும் நடுவுல இடம் இருக்கற பில்லரை மட்டும் எடுத்தோம். எங்க பில்லர் 230க்கு 450, அகலமான பக்கத்துல இருந்து 75 மில்லிமீட்டர் விட்டத்துல கோர். 20 மில்லிமீட்டர் ஜல்லிக்கு விட்டம் அதோட மூணு மடங்காவது இருக்கணும், 75 அதுக்கு மேல இருக்கு. பில்லரோட நடு உயரத்துல எடுத்தோம், மேல் நுனியில எடுத்தா அங்க வார்க்கும்போது தண்ணி மேல வந்து நிக்கறதால கான்கிரீட் பலவீனமா இருக்கும், அது மொத்த பில்லரோட குணத்தை காட்டாது. பக்கத்துல ஜாக்கி முட்டு கொடுத்துட்டு தான் மெஷினை ஓட்டுனாங்க, எடுத்த அன்னைக்கே சுருங்காத கிரவுட் போட்டு ஓட்டையை அடைச்சுட்டாங்க. இன்னொரு சங்கத்துல ஓட்டையில பிளாஸ்டிக் கவரை திணிச்சுட்டு போனதை என் கண்ணால பார்த்தேன், அது மட்டும் நடக்க விடாதீங்க.

மூணு கோர் எடுத்தோம். எந்த பில்லர்னு தேர்ந்தெடுக்கறதுக்கு ஹேமர் ரிப்போர்ட்டையே வச்சுக்கிட்டோம்: ரொம்ப அதிகம் காட்டுன கேட் பக்கத்து பில்லர் 40, நடுவுல ஒண்ணு 38, ரொம்ப கம்மியா 29 காட்டுன சம்ப் பக்கத்து பில்லர். அந்த 29ஐ பார்த்து தான் கமிட்டியில சிலர் பயந்துட்டு இருந்தாங்க, அந்த ஒரு பில்லருக்கு மட்டும் சுத்தி புது கான்கிரீட் போட்டு ஜாக்கெட்டிங் பண்ணிடலாம்னு கொட்டேஷன் வேற வாங்கி வச்சிருந்தாங்க.

கணக்கு எப்படி வருதுன்னு நடு பில்லரை வச்சு பாருங்க. கோரை ரெண்டு பக்கமும் அறுத்து சமப்படுத்துனதுல நீளம் 113 மில்லிமீட்டர் வந்துது, அதாவது விட்டத்துல ஒண்ணரை மடங்கு. மெஷின்ல 57 கிலோ நியூட்டன்ல உடைஞ்சுது. 75 விட்டத்துக்கு பரப்பளவு 4418, வகுத்தா 12.9. நீளம் விட்டத்துல ரெண்டு மடங்கு இருந்தா அப்படியே எடுத்துக்கலாம், குட்டையா இருந்தா கொஞ்சம் கூடுதலா காட்டும், அதனால 0.11 × 1.5 + 0.78 = 0.945ஆல பெருக்கணும், 12.2 ஆச்சு. இது சிலிண்டர் பலம், எம்15ங்கற கிரேடு க்யூப் பலத்துல சொல்றது, க்யூப்புக்கு மாத்த 1.25ஆல பெருக்கினா 15.2. (சின்ன விட்டத்துக்கு இன்னொரு சின்ன திருத்தம் உண்டு, அதை சேர்த்தாலும் கதை மாறாது.)

மத்த ரெண்டும் இதே மாதிரி கணக்கு போட்டப்ப, கேட் பக்கத்து பில்லர், ஹேமர் 40 காட்டுனது, 12.6. சம்ப் பக்கத்து பில்லர், 29 காட்டி எல்லாரையும் பயமுறுத்துனது, 16.9. ஹேமர் சொன்ன வரிசை அப்படியே தலைகீழ்.

அது மந்திரம் இல்ல. சம்ப் பக்கம் எப்பவும் ஈரம். ஈரமான பரப்புல ஹேமர் கம்மியா துள்ளும், அதோட துவாரமெல்லாம் தண்ணியா இருக்கறதால காத்து உள்ள போக முடியாம கார்பனேஷனும் கம்மி, அங்க ரோஸ் கலர் மேல இருந்து அஞ்சாறு மில்லிமீட்டர்லயே வந்துடுச்சு. கேட் பக்கம் நாள் முழுக்க காத்து, வண்டி புகை, மழை படாது. அதனால ஹேமர் நம்பரை ஒரே மாதிரி ஈரம், ஒரே மாதிரி பரப்பு இருக்கற பில்லருங்களுக்குள்ள தான் ஒப்பிடணும். அப்படி ஒப்பிட்டா நல்ல கருவி, எந்த இடத்துல கோர் போடணும்னு வழி காட்டும்.

மூணோட சராசரி 14.9. புது கட்டடத்துல சந்தேகம் வந்தா ஐஎஸ் 456 என்ன கேக்குதுன்னா, கோர் சராசரி குறிப்பிட்ட கிரேடுல 85 சதவீதமாவது இருக்கணும், எதுவும் தனியா 75க்கு கீழ போகக்கூடாது. எம்15க்கு அது 12.75ம் 11.25ம். பழைய கட்டடத்துக்கு இதையே தீர்ப்பா எடுக்க முடியாது, ஆனா நம்ம கட்டடம் எதுக்கு டிசைன் பண்ணாங்களோ அதுக்கு ஏத்த கான்கிரீட் இருக்குன்னு தெரிஞ்சுது. அதுல குடியிருக்கலாம். அதுக்கு மேல 35ன்னு நம்பி இன்னொரு மாடி ஏத்த முடியாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் 15ஐ வச்சு கணக்கு போட்டு பார்த்து ஸ்டில்ட் பில்லர் தாங்காதுன்னு எழுதி கொடுத்துட்டார், பில்டர் திரும்ப வரல.

அதனால உங்ககிட்ட கேக்கறது இது தான். டெஸ்டுக்கு ஆள் கூப்பிடறது சங்கமா இருக்கட்டும், மாடி கட்ட வர்றவங்க இல்ல. கொட்டேஷன்லயே கவர் மீட்டர், ஃபினாப்தலீன், குறைஞ்சது மூணு கோர்னு எழுதி வாங்குங்க. ஹேமர் அடிக்கும்போது ஒருத்தராவது கூட நில்லுங்க: அடிக்கறதுக்கு முன்னாடி ஹேமரை சரிபார்க்கற இரும்பு ஆன்வில்ல அடிச்சு காட்ட சொல்லுங்க, 80 பக்கத்துல, ரெண்டு முன்ன பின்ன வரணும், வரலேன்னா அந்த ஹேமரை திருப்பி அனுப்புங்க. பூச்சு மேல அடிச்சா அது பூச்சோட நம்பர், பூச்சை எடுத்து கல்லால தேய்ச்சு தான் அடிக்கணும். ஒரே புள்ளியில ரெண்டாவது தடவை அடிக்கக் கூடாது. ஸ்லாப்ல மேல்நோக்கி அடிச்சாங்கன்னா புவியீர்ப்பு எடையை கீழ இழுக்கறதால நம்பர் கூடும், அதுக்கு தனி கிராஃப் இருக்கு, அதை பார்த்தாங்களான்னு கேளுங்க.

எங்க மூணு கோர் துண்டும் உடைஞ்சபடியே என் வீட்டு பால்கனியில பழைய பெயிண்ட் டப்பாவுல இருக்கு, கேட் பக்கத்து பில்லர் துண்டுல அந்த ரோஸ் கோடு மங்கிடுச்சு, ஆனா கரைசல் திரும்ப தெளிச்சா இன்னும் வருது. உங்க கமிட்டியில யாருக்காவது சந்தேகம் இருந்தா ஒரு சாயங்காலம் கூட்டிட்டு வாங்க, பாட்டிலை நான் எடுத்து வைக்கறேன்.