சராசரித் தண்ணீரை யார் குடிப்பது?

அன்புள்ள செல்வா,

நலம்தானே? போன கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை என்று தாடியிடம் புலம்பினாயாமே. வேலை அப்படி. இப்போதும் சும்மா எழுதவில்லை, உன்னால் ஒரு காரியம் ஆகவேண்டும்.

மார்ச் 22 கிராம சபையில் எங்கள் ஊர்க் குடிநீர் அறிக்கையை வாசிக்க வேண்டும். ஊராட்சிச் செயலர் அதை என் கையில் கொடுத்து, "நீங்கதான் நல்லா பேசுவீங்களே சார்" என்று நழுவிவிட்டார். நிறைய பக்கம், எல்லாம் அட்டவணை. 'தனிநபர் நாளொன்றுக்குச் சராசரி வழங்கல் 55 லிட்டருக்கு மேல்', 'ஃபுளோரைடு சராசரி லிட்டருக்கு 1.2 மில்லிகிராம், அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்.' இதை அப்படியே வாசித்தால் நூறு நாள் வேலைச் சம்பளம் எப்போது வரும் என்று கேட்டுவிட்டு எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். நீயாக இருந்தால் முதல் ஆளாகப் போயிருப்பாய்.

சரி, லிட்டரைக் குடமாக மாற்றினேன். எங்கள் வீட்டு பிளாஸ்டிக் குடத்தை ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்தால் பதினைந்து லிட்டர் பிடிக்கிறது. ஆளுக்கு 55 லிட்டர் என்றால் நாலு பேர் வீட்டுக்கு 220 லிட்டர், ஏறக்குறைய பதினைந்து குடம். ஜல் ஜீவன் திட்டம் சொல்லும் அளவு அதுதான். இப்படிச் சொன்னதும் எங்கள் அத்தை, "பதினஞ்சு குடமா? யாரு வூட்டுக்கு?" என்றாள். அங்கேதான் விஷயம் பிடிபட்டது. குடம் என்று சொன்னால் கேட்பவர்களே கணக்கைச் சரிபார்த்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரம்தான் தண்ணீர் விடுகிறார்கள். டேங்கை ஒட்டிய தெருவில் ஒரு குடம் இரண்டு நிமிடத்தில் நிரம்புகிறது, ஆக முப்பது குடம். கடைசித் தெருவில் எட்டு நிமிடம். ஏழு குடம் தாண்டாது. குழாய் எல்லா வீட்டிலும் இருக்கிறது, அதனால் அறிக்கையில் 'நூறு சதவீதம் இணைப்பு'. அதுவும் பொய்யில்லை, பார்!

இதைவிட வயிற்றைக் கலக்குவது ஃபுளோரைடு. தர்மபுரிக்காரன் உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒகேனக்கல் தண்ணீர் வராத நாட்களில் இங்கே போர் தண்ணீர்தான். ஊரில் நாலு போர். பின்னிணைப்பைப் புரட்டினால் மூன்றில் 0.6, பள்ளிக்கூடத்துப் பக்கம் இருப்பதில் 3. நாலையும் கூட்டி நாலால் வகுத்தால் 1.2. உச்ச வரம்பு 1.5. எல்லாம் சரி என்று எழுதிவிட்டார்கள். அந்த 1.2 தண்ணீர் இந்த ஊரில் எந்தப் போரிலும் இல்லையடா!

இதற்கு உவமை தேடித் தேடிச் சலித்துவிட்டேன். "ஒரு டேங்க் தண்ணீரில் ஒரு சிட்டிகை" என்று ஆரம்பித்தால், சிட்டிகைதானே, போகட்டும் என்று விடுவார்கள். அந்த ஆபத்து எல்லா உவமையிலும் இருக்கிறது. சின்ன அளவைச் சின்னதாகவே காட்டி பயத்தைப் போக்கிவிடும். அதனால் உவமையையே விட்டுவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன்:

"பள்ளிக்கூடத்துப் போர்ல ஒரு சொம்பு குடிச்சா, ரெண்டு சொம்புல இருக்கலாம்னு அரசாங்கம் சொல்ற அளவு ஃபுளோரைடு உள்ள போயிடும். மத்த மூணு போரும் குடிக்கலாம். பிள்ளைங்க பல்லைப் பாருங்க, தேய்ச்சாலும் போகாத பழுப்புக் கறை இருக்கா? வருஷக்கணக்கா குடிச்சா மூட்டும் முதுகும் விறைச்சுப் போகும். காய்ச்சினா போயிடும்னு நெனைக்காதீங்க, தண்ணிதான் ஆவியாகும், ஃபுளோரைடு பாத்திரத்துலயே நிக்கும். துணி துவைக்க, மாட்டைக் கழுவ அந்தத் தண்ணியை எடுங்க. குடிக்க, சோறாக்க வேணாம்."

இதில் ஒரு சிக்கல். பல் கறை என்றதும் கூட்டத்தில் யாராவது ஒரு பிள்ளையின் வாயைப் பிடித்துத் திருப்பிக் காட்டுவார்கள். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் அப்புறம் கூச்சப்பட்டே வாயைத் திறக்க மாட்டார்கள். அந்த வரியை எடுக்கவும் மனமில்லை, ஏனென்றால் அறிக்கை முழுவதிலும் மக்கள் கண்ணால் பார்க்கக்கூடியது அது ஒன்றுதான். என்ன செய்ய? "வீட்டுக்குப் போய்ப் பாருங்க" என்று மாற்றலாமா?

இன்னொன்று. போர் எண்ணைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, 'பள்ளிக்கூடத்துப் போர்' என்றால் தலைமையாசிரியர் முறைப்பார். முறைக்கட்டும். குழாயில் சிவப்புப் பெயிண்ட் அடிக்கத் தீர்மானம் போடச் சொல்லப் போகிறேன். மூன்று மாதத்துக்குப் பிறகு மறுபடி பரிசோதனை, முடிவைப் போர்வாரியாக ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதுவது என்றும் சேர்த்திருக்கிறேன்.

உங்கள் அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? அவர்கள் எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தார்கள் என்று ஒருமுறை கேட்டு வை.

பேச்சு முழுவதையும் இத்துடன் வைத்திருக்கிறேன். உன் மனைவியிடம் சத்தமாக வாசித்துக் காட்டு. அவர் எங்கே கொட்டாவி விடுகிறாரோ அங்கே பென்சிலால் கோடு போட்டு, 20-ஆம் தேதிக்குள் திருப்பி அனுப்பு. உன் கருத்து வேண்டாம், அவருடையது போதும்.

அன்புடன்,
குமரன்