மூன்று லிங்க் அனுப்பிய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். பெயர் போடவில்லை.

உங்கள் விண்ணப்ப மெயிலில் மூன்று ரெப்போ லிங்க் இருந்தன. முதலாவதைத் திறந்தால் 404. அது பிரைவேட் ரெப்போவாக இருக்க வேண்டும். அனுமதி இல்லாதவர்களுக்கு கிட்ஹப் அப்படித்தான் காட்டும். நீங்கள் லாகின் செய்திருப்பதால் உங்களுக்கு மட்டும் திறந்திருக்கும். அனுப்புவதற்கு முன் இன்காக்னிடோவில் ஒருமுறை தட்டிப் பார்த்திருக்கலாம். இரண்டாவது, யாரோ எழுதியதன் ஃபோர்க். உங்கள் கமிட் ஒன்றுகூட இல்லை. அதை விடுங்கள்.

மூன்றாவதற்கு மட்டும் இரண்டு வரி விளக்கம் தந்திருந்தீர்கள்: "பைத்தானில் எழுதிய, எளிதான, அதிவேகத் தமிழ் உரைக் கருவி. இதில் நிறையக் கற்றுக்கொண்டேன்." இதைப் படித்துவிட்டு மூடியிருப்பேன். காபி ஆறட்டும் என்று கமிட் வரலாற்றை உருட்டியதால் பிழைத்தீர்கள்.

குறுக்கெழுத்துப் புதிருக்காக எழுத்து எண்ணும் நிரல் அது. `len("கொடி")` என்றால் பைத்தான் 4 என்கிறது. துணைக்குறிகளையும் தனித்தனியே எண்ணிவிடும். நமக்கு வேண்டியது 2. அதனால் ஓர் எழுத்தோடு அதற்கு அடுத்து வரும் ஒரு குறியைச் சேர்த்து எண்ணினீர்கள். சரியாக வந்தது. பிறகு எங்கிருந்தோ எடுத்த சொற்பட்டியலில் அதே "கொடி"க்கு 3 வந்திருக்கிறது. திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் அந்தக் "கொ"வில் ஒற்றைக்கொம்பும் காலும் இரண்டு குறிகளாகப் பிரிந்து கிடந்தன. கால் தனி எழுத்தாக எண்ணப்பட்டுவிட்டது. பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் `unicodedata.normalize("NFC", s)` என்று ஒரே வரி சேர்த்துச் சரிசெய்து, சோதனையும் எழுதி வைத்திருக்கிறீர்கள்:

```python
assert count("கொடி") == 2
assert count("க\u0bc6\u0bbeடி") == 2
```

இந்த இரண்டாவது வரியைப் பார்த்த பிறகுதான் உங்களைக் கூப்பிடச் சொன்னேன். மெயிலில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லையே! நானாக இருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

"குறுக்கெழுத்துப் புதிருக்காகத் தமிழ் எழுத்துகளை எண்ணும் பைத்தான் நிரல். 'கொ' இரண்டு விதமாக டைப் ஆகி வந்தாலும் எண்ணிக்கை மாறாது; அந்தச் சோதனை tests/test_count.py கோப்பில்."

முதல் வரியில் எதற்காக என்பது வந்துவிட்டது. இரண்டாவதில் எங்கே இடித்தது, எதைத் திறந்து பார்க்கலாம் என்பது. "அதிவேக" என்று போட்டால் எதைவிட வேகம் என்று கேட்பேன். நீங்கள் அளந்து பார்த்ததாக ரெப்போவில் எந்தத் தடயமும் இல்லை.

இன்னொன்று. "பக்ஷி"க்கு உங்கள் நிரல் 3 என்கிறது: ப, க், ஷி. க்ஷ என்பதை ஒரே எழுத்தாகக் கொள்பவர் 2 என்பார். புதிரில் அதற்கு எத்தனை கட்டம் ஒதுக்குவீர்கள்? வியாழக்கிழமை பேசும்போது முதலில் இதைத்தான் கேட்கப்போகிறேன்.

அன்புடன்,
உங்கள் மெயிலைப் படித்தவன்