அடி வெட்டிய பட்டைகள்: செய்தி வரைகலைப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சிகளிலும் வரைபடம் தயாரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் பள்ளியில் கணக்கு சொல்லித்தருகிறவள். பட்டை வரைபடப் பாடம் வரும்போதெல்லாம், 2012இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி காட்டிய ஒரு படத்தைக் கரும்பலகையில் வரைவேன். புஷ் காலத்து வரிச்சலுகை முடிந்துபோனால் வருமான வரியின் உச்ச விகிதம் எவ்வளவு ஆகும் என்பதுதான் அதில் செய்தி. இரண்டே பட்டைகள்: அன்றைய விகிதம் 35 சதவீதம், 2013 ஜனவரி 1 முதல் 39.6 சதவீதம். எண்களில் பிழை இல்லை. ஆனால் நிலைக்குத்து அச்சு பூஜ்யத்தில் தொடங்காமல் 34இல் தொடங்கியது.

விளைவைப் பாருங்கள். முதல் பட்டைக்கு மிஞ்சியது 34க்கு மேலே உள்ள 1 மட்டும். இரண்டாவதற்கு 5.6. ஒன்று கணுக்கால் உயரம் என்றால் மற்றது முழங்கால் உயரம். எண்ணைப் படிக்காமல் பார்க்கிறவருக்கு வரி ஐந்தரை மடங்காகிறது. உண்மையில் 39.6ஐ 35ஆல் வகுத்தால் 1.13தான் வரும், எட்டில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய உயர்வு.

“எண்களைத்தான் பட்டையின் மேலேயே போட்டிருக்கிறோமே” என்பீர்கள். பட்டை வரைபடத்தை யாரும் அப்படிப் படிப்பதில்லை. பட்டையின் நீளம்தான் அளவு. அதுதான் நமக்குள் இருக்கும் ஒப்பந்தம். அடியை வெட்டிவிட்டால் நீளத்துக்குப் பொருளே இல்லாமல் போகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி வெட்டுவார்கள் என்று முன்கூட்டியே விளக்கிச் சொன்ன பிறகும் பார்த்தவர்கள் வேறுபாட்டைக் கூட்டியே மதிப்பிட்டார்கள். எச்சரிக்கை ஏமாறுவதைக் குறைத்தது, போக்கிவிடவில்லை. அதனால்தான் இந்த மடல் வாசகருக்கு அல்ல, உங்களுக்கு.

எல்லாரும் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. எக்செல்லே இதைச் செய்யும். மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வேறுபாடு, பெரிய எண்ணில் ஆறில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால், அது தானாகவே அச்சின் அடியை உயர்த்திவிடுகிறது. 35, 39.6 இரண்டும் அந்த வலைக்குள் விழுகிற எண்கள்தான். அச்சின் மேல் வலச்சொடுக்கி Format Axis திறந்து, Minimum கட்டத்தில் 0 என்று தட்டினால் போதும். அரை நிமிட வேலை.

அச்சையே போடாமல் வரும் படங்கள்தான் இன்னும் மோசம். அங்கே அடி எங்கே வெட்டப்பட்டது என்பதை ஓர் அளவுகோலால் கண்டுபிடிக்க என் மாணவர்களுக்குக் கற்றுத்தருகிறேன். மேலே சொன்ன படத்தில் அச்சு இல்லை என்றும், பட்டைகள் 1 செ.மீ., 5.6 செ.மீ. உயரம் என்றும் வைத்துக்கொள்வோம். உயர வேறுபாடு 4.6 செ.மீ.; எண்களின் வேறுபாடும் 4.6. ஆகவே ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு சதவீதம். சிறிய பட்டை 1 செ.மீ. என்பதால் அது காட்டுவது 1 சதவீதம் மட்டுமே. 35இல் அதைக் கழித்தால் 34. வெட்டிய இடம் அகப்பட்டுவிட்டது! அடி ஒழுங்காக இருக்கும் படத்தில் இந்தக் கணக்குக்கு விடை பூஜ்யமாக வரும்.

இதையே பிடித்துக்கொண்டு எல்லா வரைபடத்தையும் பூஜ்யத்தில் தொடங்கச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காய்ச்சல்காரரின் உடல் வெப்பத்தைக் கோட்டு வரைபடமாகப் போடும்போது பூஜ்யம் டிகிரியில் தொடங்கினால், 98.6க்கும் 103க்கும் வேறுபாடே தெரியாது, நோயாளிதான் பாவம். கோட்டில் நாம் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை, அடியிலிருந்து உள்ள நீளத்தை அல்ல. அங்கும் சாய்வை மிகைப்படுத்த முடியும் என்பது வேறு கதை. பட்டைக்கு மட்டும் விலக்கு கிடையாது. அச்சின் அடியில் சிறு நெளிவு போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று பாடப்புத்தகப் பழக்கத்தைச் சிலர் காட்டுவார்கள். நெளிவு போட்டாலும் பட்டையின் நீளம் பொய்தான்.

சிறிய வேறுபாடுதான் செய்தி என்றால், இரண்டு புள்ளிகளாகப் போடுங்கள், அல்லது “4.6 சதவீதப் புள்ளி உயர்வு” என்று தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

இம்மடலோடு என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி திருத்தி வரைந்த படத்தை இணைத்திருக்கிறேன். பூஜ்யத்தில் தொடங்கி, ஒரு சென்டிமீட்டருக்கு 5 சதவீதம் என்ற அளவில். முதல் பட்டை 7 செ.மீ., இரண்டாவது 7.92 செ.மீ. இரண்டுக்கும் உள்ள உயர வேறுபாட்டை அவள் தன் சுண்டுவிரலை வைத்து மறைத்துக் காட்டினாள்.

அன்புடன்,
ஒரு கணக்கு ஆசிரியை