வேட்டியும் கவுனும் ஒரே மேசையில்

அன்புள்ள முத்து,

உன் கடிதமும் சுதா அனுப்பிய படங்களும் கிடைத்தன. 25ஆம் கல்யாண நாளுக்கு நட்சத்திர ஹோட்டலில் மேசை பிடித்திருப்பது சந்தோஷம். பெரியவனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்ததை நீ ஒற்றை வரியில் எழுதிவிட்டு, மீதிப் பக்கம் முழுக்க வேட்டிக் கவலையை எழுதியிருக்கிறாய். அதனால் நானும் வேட்டிக்கே வருகிறேன்.

முதலில் உன் பயம். உடையைப் பற்றி ஹோட்டலிலிருந்து "ஸ்மார்ட் கேஷுவல்" என்று செய்தி வந்தால் வேட்டிக்கு இடமில்லை என்று அர்த்தமில்லை. 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு கிளப்பில் உள்ளே விடாத விவகாரம் உனக்கு நினைவிருக்கும். அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் கொண்டுவந்தார்கள். வேட்டியைக் காரணம் காட்டி உள்ளே விடாவிட்டால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். அது முக்கியமாக கிளப்களை மனதில் வைத்து வந்த சட்டம். நட்சத்திர ஹோட்டல் சாப்பாட்டு அறைகளில் வேட்டிக்குப் பொதுவாக யாரும் முகம் சுளிப்பதில்லை. வாசலில் சிக்கல் வருவது காலில்தான். ஆண்கள் செருப்பு போட்டு வரக்கூடாது என்று சில இடங்களில், முக்கியமாக பார் ஒட்டியிருக்கும் இடங்களில், விதி வைத்திருக்கிறார்கள். போன் போட்டு "வேட்டி சரியா, தோல் செருப்பு சரியா" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுவிடு. செருப்பு கூடாது என்றால், வேலைப்பாடு இல்லாத, முன்பக்கம் மூடிய பழுப்பு நிறத் தோல் ஜூத்தி வாங்கிக்கொள். ஷூவும் சாக்ஸும் வேட்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தால் நன்றாக இருக்காது.

இனி இருவரும் ஜோடியாக நிற்கும் விஷயம். நீ வேட்டியை விடமாட்டாய், சுதா புடவை கட்டமாட்டாள். யாரும் யாருக்காகவும் மாற வேண்டியதில்லை. ஒருவர் கல்யாணத்துக்கும் இன்னொருவர் பார்ட்டிக்கும் கிளம்பியது மாதிரித் தெரியாமல் இருந்தால் போதும். அப்படித் தெரிவதற்கு நிறத்தை விட மூன்று விஷயங்கள்தான் காரணம்: உடுப்பின் நீளம், துணியின் பளபளப்பு, உலோகத்தின் நிறம்.

சுதா அனுப்பிய மூன்று கவுன்களில் முழங்கால் வரை வரும் கறுப்பு சீக்வின்ஸ் கவுன் தனியாகப் பார்க்க அழகுதான். ஆனால் வேட்டி கணுக்கால் வரை நேராக விழும் பெரிய வெளுத்த துணி. அதன் பக்கத்தில் முழங்காலோடு நிற்கும் உடுப்பு பாதியில் வெட்டியது போலத் தெரியும். போதாததற்குப் பருத்தி ஒளியை உள்வாங்கும், சீக்வின்ஸ் திருப்பி அடிக்கும். படம் எடுத்தால் அவள் மின்னுவாள், நீ அவளை அழைத்துப்போக வந்த மேளக்காரர் மாதிரி நிற்பாய். பூப்போட்ட ஜார்ஜெட் பகல் விருந்துக்குப் போகட்டும். அரக்குச் சிவப்பில் கணுக்கால் வரை வரும் க்ரேப் கவுன் இருக்கிறதே, அதுதான் சரி. பளபளப்பு இல்லாத துணி, ஒரே நிறம், உன் வேட்டியின் நீளம். அன்றைக்குப் போடப்போகும் ஹீல்ஸைப் போட்டு நின்று பார்க்கச் சொல். கவுனின் கீழ்விளிம்பு தரைக்கு ஓரிரு அங்குலம் மேலே நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் நாற்காலியை இழுத்து எழும்போது குதிகாலில் மாட்டும். மடித்துத் தைக்க வேண்டுமென்றால் செருப்பை முடிவு செய்த பிறகே தையற்காரரிடம் கொடுக்கட்டும்.

உனக்கு எட்டு முழ வேட்டி எடு. நாலு முழம் ஒற்றைச் சுற்று, சாப்பாட்டு அறை விளக்கைத் தாண்டி நடந்தாலே கால் நிழல் தெரியும். உள்ளே கோடு போட்ட டிராயர் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். எட்டு முழத்தில் துணி இரண்டு மடிப்பாக வருவதால் அந்தக் கவலை இல்லை, விழும் விதமும் கனமாக இருக்கும். நிறத்தில் வெளுத்த பளிச் வெள்ளை வேண்டாம். அது அரசியல் மேடை போல இருக்கும். லேசான பால் நிறம் எடு, சரிகை அதில்தான் அடங்கி உட்காரும். கரை அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது. நாலு விரல் சரிகைக் கரையும் பட்டு வேட்டியும் மாப்பிள்ளைக் கோலம். அங்கவஸ்திரம் வீட்டிலேயே இருக்கட்டும். அது வந்தால் முகூர்த்தமும் கூடவே வந்துவிடும், சூப்பிலும் விழும்.

கரையில் தங்கச் சரிகையோடு மெல்லிய அரக்குக் கோடு ஓடும் வேட்டிகள் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். அதைத்தான் உனக்குச் சொல்கிறேன். இருவர் உடுப்புக்கும் நிறத்தொடர்பு அந்தக் கோடு ஒன்று போதும். சுதாவின் கவுன் நிறத்திலேயே உனக்குச் சட்டை தைத்தால், கல்யாண வீட்டு வரவேற்பில் நிற்கும் பையன்கள் போலாகிவிடும். உனக்குச் சந்தன நிறச் சட்டை எடு. உன் கரைச் சரிகை தங்கம் என்பதால் அவள் தோடு, கைப்பையின் கொக்கி, செருப்பு வார் எல்லாம் தங்க நிறமாகவே இருக்கட்டும். வெள்ளி நிறம் ஒன்று உள்ளே நுழைந்தாலும் இருவரும் தனித்தனியாகப் பிரிந்துவிடுவீர்கள். நிறம் பொருந்துவதை விட இதுதான் கண்ணுக்கு முதலில் தட்டும்.

சட்டையில்தான் வேட்டிக்காரர்கள் கோட்டை விடுகிறார்கள். பேண்ட்டுக்குத் தைத்த சட்டையின் அடி வளைவாக வெட்டியிருக்கும், உள்ளே விட்டுக்கொள்வதற்காக. அதை வேட்டி மேல் வெளியே விட்டால் பக்கவாட்டில் வளைவு ஏறி வேட்டிக் கட்டும் பெல்ட்டும் தெரியும். நீ தைப்பது நேர் அடியாக, இரண்டு பக்கமும் இரண்டங்குலப் பிளவோடு, நின்றால் இடுப்பெலும்புக்கு மூன்று நான்கு அங்குலம் கீழே வருவதாக இருக்கட்டும். முழுக்கை, நிற்கும் சைனீஸ் காலர். மார்பில் பை வேண்டவே வேண்டாம். பை இருந்தால் போன் போடுவாய், போன் போட்டால் சட்டை ஒரு பக்கம் தொங்கும். போன் சுதாவின் கைப்பையில் இருக்கட்டும், பர்ஸ் வேட்டி பெல்ட்டில்.

துணி சுத்த லினன் என்றால் காரில் உட்கார்ந்து இறங்குவதற்குள் முழங்கையில் சுருக்கம் விழுந்துவிடும். லினனும் பருத்தியும் கலந்தது கொஞ்சம் தாங்கும். 58 அங்குல அகலத் துணி உன் உயரத்துக்கு 1.6 மீட்டர் போதும், 36 அங்குல அகலம் என்றால் இரண்டரை மீட்டர் கேட்பார்கள். வெட்டுவதற்கு முன் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துக் கொடு. இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே கை ஏறிவிடும். தையற்காரர் எந்த நாள் சொன்னாலும் அதற்கு நாலு நாள் கூட்டிக் கணக்குப் போடு.

புது வேட்டியை அப்படியே கட்டாதே. ஆலைக் கஞ்சி அட்டை மாதிரி விறைத்திருக்கும், நடக்கும்போது சரசரக்கும், மடிப்புக் கோடுகள் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒரு தடவை அலசி, லேசான கஞ்சி போட்டு, ஈரம் முழுக்கப் போவதற்குள் இஸ்திரி போடு. சரிகை மேல் துணி ஒன்றைப் போட்டுத் தேய்க்க வேண்டும். கட்டியபின் கரை கணுக்காலைத் தொட்டு, செருப்பின் மேல் வாருக்குச் சற்று மேலே நிற்கட்டும். வெல்க்ரோ வேட்டி வசதிதான், ஆனால் அங்கே நாற்காலிக்குப் பதில் தாழ்ந்த சோபா வைத்திருந்தால் உட்கார்ந்து எழும்போது வெல்க்ரோ இழுபடும். பெல்ட்டை அதன் மேல் இறுக்கிவிடு. மடித்துக் கட்டும் பழக்கத்தை ஹோட்டல் வாசலோடு விட்டுவிடு. படியில் உன் கை தானாகக் கீழே போகும், எனக்குத் தெரியும்.

கிளம்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, ராத்திரி ஏழு மணிக்கு மேல், வீட்டு டியூப்லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் பல்பு ஒன்றை மட்டும் போட்டு இருவரும் முழு உடுப்பில் நின்று யாரையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள். அந்த மாதிரி ஹோட்டல்களில் இருப்பது அந்த வெளிச்சம்தான். கடை வெளிச்சத்தில் அரக்காகத் தெரிந்தது அதில் காப்பிப் பழுப்பாக இறங்கலாம். அடர் நீலமும் பாட்டில் பச்சையும் கறுப்பாகவே தெரியும். படத்தில் கவுன் பழுப்பாகத் தெரிந்தால் பயப்படாதே, உன் சட்டையைச் சந்தனத்திலிருந்து இன்னும் வெளுத்த நிறத்துக்கு மாற்றினால் சிவப்பு எழும்பிவரும். அந்தப் படத்திலேயே உன் பனியன் சட்டைக்குள் தெரிகிறதா என்றும் பார். வெள்ளை பனியன் தெரியும், தோல் நிறத்தில் ஒன்று வாங்கிக்கொள்.

சுதாவின் கவுன் கையில்லாதது என்பதால் ஏ.சி.யில் அவளுக்குக் குளிரும். தங்கப் பழுப்பில் மெல்லிய ஸ்டோல் ஒன்று எடுத்து வரட்டும். பக்கத்தில் மெழுகுவத்தி வைத்தால் முனையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொள்ளச் சொல்.

சாப்பிடும்போது நாப்கினை முழுக்க விரித்து மடியில் போடு, பாதி மடிப்பில் வேண்டாம். மஞ்சள் கலந்த குழம்பு தப்பித்தவறிப் பட்டால் கை கழுவும் சோப்பைத் தொடாதே. சோப்பின் காரம் பட்டதும் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாக மாறும், பார்க்கிறவன் பதறிப்போவான். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த நாப்கினால் ஒற்றியெடு, தேய்க்காதே. மறுநாள் வீட்டில் துவைத்து வெயிலில் போடு. மீதி மஞ்சள் வெயிலில் வெளிறிவிடும்.

சட்டைத் துணி எடுப்பதற்கு முன் கவுனின் ஓரத்தையும் வேட்டிக் கரையையும் ஒன்றாக வைத்து ஒரு படம் அனுப்பு, பகல் வெளிச்சத்தில் ஒன்று, பல்பு வெளிச்சத்தில் ஒன்று. தையற்காரருக்கு அளவுச் சட்டை கொடுப்பதாக இருந்தால் பேண்ட்டுக்குப் போடும் சட்டையைக் கொடுத்துவிடாதே, நீளமும் அடியும் அப்படியே வந்துவிடும். பெரியவன் பெங்களூரில் எங்கே தங்கியிருக்கிறான் என்று அடுத்த கடிதத்தில் எழுது. சுதாவுக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ரவி