ஆல்பம் டிசைன் செய்யும் டெல்டா நண்பர்களுக்கு: ஷீட்டை லேபுக்கு அனுப்பும் முன்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கும், அவர்களுக்காக ராத்திரி கண் விழித்து ஆல்பம் டிசைன் செய்பவர்களுக்கும்,

வணக்கம். கும்பகோணத்தில் ஒரு போட்டோ லேபில் பிரிண்ட் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் அனுப்பும் ஃபைல் மெஷினுக்குள் போவதையும் பேப்பராக வெளியே வருவதையும் நாள் முழுக்கப் பார்ப்பது என் வேலை. தை முகூர்த்தம் தொடங்கினால் ரீ-பிரிண்ட் பஞ்சாயத்தும் கூடவே தொடங்கிவிடும். அதில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றுதான்: “ஸ்க்ரீன்ல நல்லாத்தானே இருந்துச்சு?” இருந்திருக்கும். எந்த அளவில் வைத்துப் பார்த்தீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நம் ஊரில் ஓடுவது பெரும்பாலும் 12x36 ஷீட். 300 பிபிஐ-யில் அது 10800-க்கு 3600 பிக்சல். ஃபோட்டோஷாப்பில் Ctrl+0 அடித்தால் அது திரைக்குள் அடங்கி நிற்கும். பேனல்கள் போக மிஞ்சும் இடம் 1600 பிக்சல் அகலம் என்றால், கிட்டத்தட்ட 15 சதவீத ஜூம். அதாவது படத்தின் 45 பிக்சலைச் சேர்த்து அரைத்து ஒரே புள்ளியாகக் காட்டுகிறது. வேலையில் முக்கால்வாசியை நாம் இந்த அளவில்தான் செய்கிறோம், முடிந்ததா என்றும் இதிலேயே முடிவு செய்கிறோம். நுணுக்கமான பிழை தெரிய இது மிகவும் சின்னது. மொத்தப் படமும் ஒரே பார்வையில் கண்ணில் விழ இது மிகவும் பெரியது. இரண்டுக்கும் உதவாத அளவு.

சமீபத்தில் வந்த ஒரு ஷீட்டை வைத்தே சொல்கிறேன். அவுட்டோர் ஷூட். வரப்பில் மாப்பிள்ளையும் பொண்ணும் நிற்கிறார்கள், பின்னால் சம்பாப் பயிர் பச்சைப் பசேலென்று. வயலுக்கு நடுவே இருந்த ஈ.பி. கம்பத்தை எடுத்துவிட்டு, வெளிறிய வானத்துக்குப் பதில் அந்தி வானம் ஒன்றை வைத்திருந்தார்கள். பொண்ணுக்கு அரக்குப் பட்டு. நல்ல படம், உழைத்துச் செய்த வேலை. திரையில் அடங்கிய அளவில் எனக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

Ctrl+1 அடித்தேன். 100 சதவீதம்: படத்தின் ஒரு பிக்சல், திரையின் ஒரு பிக்சல். 4K திரையோ ரெட்டினா திரையோ வைத்திருப்பவர்களுக்கு 100-இல் எல்லாம் பொடியாகத் தெரியும், அவர்கள் 200-க்குப் போகலாம். 66.7 மாதிரி இடைப்பட்ட ஜூமில் நிறுத்தி ஷார்ப்னஸைப் பார்க்காதீர்கள். திரைக்காக மென்பொருள் படத்தைக் குறுக்கும்போது விளிம்புகள் உள்ளதைவிடக் கூராகவோ மழுங்கலாகவோ தெரியலாம்.

100-இல் அங்கங்கே மேய்ந்தால் போதாது. கண் தானாக முகத்துக்குத்தான் ஓடும், பிழை மூலையில் இருக்கும். Home அடித்தால் இடது மேல் மூலைக்குப் போகும். Page Down ஒரு திரை கீழே இறக்கும், Ctrl+Page Down ஒரு திரை வலப்பக்கம் நகர்த்தும். 12x36 ஷீட்டை இப்படி முழுக்கக் கடக்க ஏறக்குறைய 28 திரைகள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அந்த ஷீட்டில் இரண்டு விஷயம் மாட்டியது. கம்பத்தை மறைக்க குளோன் செய்த இடத்தில் ஒரே நெற்குத்து மூன்று தடவை வந்திருந்தது, மூன்றிலும் ஒரே தாள் ஒரே பக்கம் மடிந்திருந்தது. அப்புறம், பொண்ணின் கொண்டைப் பூவைச் சுற்றி இரண்டு மூன்று பிக்சல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. பழைய வெளிர் வானத்தின் மிச்சம் அது. மாஸ்க்கை இரண்டு பிக்சல் உள்ளே தள்ளியிருந்தால் போயிருக்கும். 45 பிக்சல் ஒரு புள்ளியாகும் அளவில் இது தெரிய வழியே இல்லை.

சென்சார் தூசியும் இதே ஜாதிதான். f/11, f/16 என்று அபர்ச்சரைச் சுருக்கி எடுத்த படங்களில் வானத்தில் மங்கலான வட்டங்களாக உட்கார்ந்திருக்கும். எல்லா லேயருக்கும் மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு, கோட்டை மேலும் கீழுமாக இரண்டு மூன்று அலையாக வளைத்துவிட்டால் நிறங்கள் கோரமாகும், ஆனால் தூசியும் ஒட்டுப்போட்ட இடமும் உடனே துருத்திக்கொண்டு நிற்கும். பார்த்து முடித்ததும் அந்த லேயரை அணைத்துவிடுங்கள். அணைக்காமல் ஊதா நிற மாப்பிள்ளையோடு வந்த ஃபைலும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. 100 சதவீதம் பிழையைத் தேடுவதற்கான அளவு, தீர்ப்பு சொல்வதற்கானது இல்லை. 24 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டரில் ஒரு இன்ச்சுக்கு 92 பிக்சல்தான், உங்கள் ஷீட்டிலோ 300. ஆக, 100-இல் நீங்கள் பார்ப்பது பிரிண்டைவிட மூன்று மடங்குக்கும் மேல் பெரிதாக்கிய படம். அங்கே தெரியும் மெல்லிய நாய்ஸ் பேப்பரில் காணாமலே போய்விடும். அதைப் பார்த்துப் பயந்து கன்னத்தை வழித்து வழித்து மழமழவென்று ஆக்குவதால்தான் பேப்பரில் முகம் பிளாஸ்டிக்காக வருகிறது. தோல் எவ்வளவு மிருதுவாக வேண்டும் என்பதை 33 சதவீதத்தில் வைத்து முடிவு செய்யுங்கள். ஏறக்குறைய அதுதான் ஆல்பத்தின் நிஜ அளவு.

அடுத்தது, சுருக்கிப் பார்ப்பது. இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். ஷீட் மொத்தமும் இரண்டு இன்ச் அகலத்துக்கு வரும்வரை சுருக்குங்கள், அல்லது ஃபோல்டரில் ஐகானாகப் பாருங்கள். அந்தக் கம்பம் இருந்த இடத்தைச் சொன்னேன் இல்லையா? நெற்குத்தை மாற்றி, 100-இல் குறையே இல்லாமல் திருத்தி அனுப்பினார்கள். தம்ப்நெயிலில் கம்பம் மறுபடி வந்து நின்றது! வயலுக்கு நடுவே, சுற்றியிருப்பதைவிடக் கொஞ்சம் வெளிறிய ஒரு செங்குத்துப் பட்டை. குளோன் எடுத்த மூலம் சற்று வெளிச்சமான பகுதி, அதுவும் மென்மையான பிரஷ்ஷில் அடித்தது. அந்த வித்தியாசம் நூற்றுக்கணக்கான பிக்சலுக்குப் பரவிக் கிடப்பதால் பெரிதாக்கினால் ஒவ்வொரு இடமும் பக்கத்து இடத்தைப் போலவே தெரிகிறது. மெல்ல மெல்ல மாறும் வெளிச்சத்தை நம் கண் கண்டுகொள்ளாது. சுருக்கினால் அதே மாற்றம் நாலைந்து புள்ளிக்குள் நெருங்கி நிற்கும், கண்ணில் பட்டுவிடும்.

அதே தம்ப்நெயிலில் பொண்ணின் முகமும் கையும் வேறு வேறு ஆளுடையவை போலத் தெரிந்தன. முகத்தை மட்டும் வெளிச்சமாக்கி, கழுத்தோடு நிறுத்தியிருந்தார்கள். இது நம் பக்கத்து ஆல்பங்களில் ஊரறிந்த நோய். முகத்தை வெளுக்க வைக்க வேண்டுமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை (வேண்டாம் என்பது என் கட்சி). வைத்தால் கைக்கும் காலுக்கும் சேர்த்து வையுங்கள். ஷீட்டுகள் எல்லாவற்றையும் ஐகானாக ஒன்றாகப் பரப்பிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: ஒரே முகூர்த்தம், ஒரு ஷீட்டில் மஞ்சள் அடிக்கும், அடுத்ததில் நீலம் அடிக்கும். தனித்தனியாகத் திறக்கும்போது கண் ஒவ்வொரு நிறத்துக்கும் பழகிவிடுவதால் இது தப்பிவிடுகிறது.

இனி பேப்பர். இரண்டு பார்வையிலும் தேறிய ஷீட்டும் இங்கே வந்து தடுக்கி விழலாம். காரணம், திரை தானே ஒளி விடுகிறது, பேப்பர் அறையின் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. பிரிண்ட் வேலைக்கு மானிட்டர் வெளிச்சம் 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கம். கடையில் வாங்கிய மானிட்டர் அப்படியே 250-ஐத் தாண்டி எரியும். அளக்கும் கருவி இல்லையா? ஒரு வெள்ளை ஆல்பம் பேப்பரைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறங்கள். பேப்பர் அழுக்காகத் தெரிந்தால் திரையின் வெளிச்சம் அதிகம். இரண்டும் ஒத்துவரும்வரை குறையுங்கள்.

அந்த அரக்குப் பட்டு என்ன ஆயிற்று என்றால், திரையில் மடிப்பு மடிப்பாகத் தெரிந்த கொசுவம் பேப்பரில் ஒரே இருட்டாக அடைத்துக்கொண்டது. சம்பாப் பச்சையும் படுத்துவிட்டது. திரை காட்டும் பளீர்ப் பச்சையில் ஒரு பகுதியைப் போட்டோ பேப்பரால் தொடவே முடியாது. சாச்சுரேஷனை ஏற்ற ஏற்ற, பேப்பரில் பயிரின் தாள்களுக்கு இடையிலான நிற வித்தியாசம் அழிந்து சமமான ஒரு பச்சைப் பூச்சாகிவிடும். லேபிடம் ப்ரொஃபைல் வாங்கி, View > Proof Setup > Custom-இல் அதைத் தேர்ந்துவிட்டு Ctrl+Y போட்டுப் பார்த்தால் இதைத் திரையிலேயே ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் பேப்பர் கையில் வரும்வரை அது ஊகம்தான்.

இதற்கு முழு ஷீட்டையும் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. 2400-க்கு 3600 பிக்சலில் ஒரு 8x12 கேன்வாஸ் திறங்கள். அதில் 4x6 துண்டு நான்கு அடங்கும். ஷீட்டின் முகம் ஒரு துண்டு, பட்டின் இருண்ட மடிப்பு ஒரு துண்டு, வானமும் வயலும் சேரும் இடம் ஒரு துண்டு. எதையும் சுருக்காமல் 1200-க்கு 1800 பிக்சலாக வெட்டி அப்படியே ஒட்டுங்கள். சுருக்கினால் சோதனையே வீண். நான்காவது துண்டில், முன்பு நன்றாகப் பிரிண்ட் ஆன உங்கள் பழைய படம் ஒன்றை வையுங்கள். அந்தப் பழைய படமும் இருட்டாகவோ பச்சை அடித்தோ வந்தால் கோளாறு எங்கள் மெஷினில். அது மட்டும் சரியாக வந்து மற்றவை கெட்டால் கோளாறு ஃபைலில். கவுண்டரில் நடக்கும் பாதி வாக்குவாதத்தை இந்த ஒரு துண்டு தீர்த்துவிடும்.

வந்த பிரிண்டை ஒற்றை எல்இடி பல்புக்குக் கீழே வைத்துப் பார்க்காதீர்கள். நேர் வெயில் படாத வாசல் வெளிச்சத்தில், ஆல்பத்தைப் பார்க்கும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டு இங்க்ஜெட்டில் போட்டிருந்தால் ஒரு ராத்திரி காயவிட்டு மறுநாள் பாருங்கள், மை உலர உலர நிறம் நகரும். மேட் லேமினேஷன் போடும் ஆல்பம் என்றால் சோதனைத் துண்டுக்கும் அதையே போடச் சொல்லுங்கள். மேட் படலம் கருப்பைச் சாம்பலாக்கும், லேமினேஷன் இல்லாமல் பார்த்துச் சரி சொன்ன கான்ட்ராஸ்ட் அப்புறம் இறங்கிவிடும்.

எங்கள் பக்கம் கேட்டுக்கொள்வது இவ்வளவே. காலையில் மெஷினைக் காலிப்ரேட் செய்த கையோடு சோதனைத் துண்டுகளைத்தான் முதலில் போடுகிறோம். அதனால் முந்தின நாள் இரவே அனுப்பிவிடுங்கள், ஃபைல் பெயரில் TEST என்று சேருங்கள், ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம் என்று எழுதுங்கள். அதைச் சொல்லாவிட்டால் மெஷின் தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தை மாற்றிவிடும், துண்டு ஒரு மாதிரியும் ஷீட் ஒரு மாதிரியும் வரும்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஒரு பிரிண்ட்காரன்