பின் காணிக்குப் பாதை: உறுதி எழுதும் நாளிலேயே எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். வன்னியில் குடும்பக் காணி பிரியும்போது றோட்டுக் கரைப் பங்கு ஒருவருக்கும் பின் பங்கு இன்னொருவருக்கும் போவது வழமை. உறுதியில் நான்கு எல்லையும் பரப்பளவும் இருக்கும். பின் பங்குக்கு எந்த வழியால் போவது என்பது மட்டும் இருக்காது. சகோதரங்களுக்குள் ஒற்றுமை இருக்கும்வரை அது யாருக்கும் உறைப்பதில்லை. முன் பங்கு கைமாறி, புதிதாக வாங்கியவர் முட்கம்பி அடித்த பிறகுதான் சட்டத்தரணியைத் தேடுகிறார்கள். அந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் பிழையான நியாயத்தையே கையில் எடுப்பதால் இதை எழுதுகிறேன்.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். றோட்டுக் கரையில் 330 அடி அகலமும் 528 அடி ஆழமும் கொண்ட காணி சரியாக 4 ஏக்கர் வரும். தகப்பன் அதைக் குறுக்கே பிரித்து, முன் 2 ஏக்கரை மகளுக்குச் சீதனமாகவும் பின் 2 ஏக்கரை மகனுக்கு நன்கொடையாகவும் எழுதுகிறார். மகன் முன் காணியின் மேற்கு வேலி ஓரமாக உழவு இயந்திரம் கொண்டுபோகிறான். சில வருடங்களில் மகள் குடும்பம் காணியை விற்றுவிட்டு வெளிநாடு போகிறது. வாங்கியவர் படலையைப் பூட்டுகிறார்.

மகன் முதலில் சொல்வது, “அப்பா காலத்திலிருந்து முப்பது வருடமாகப் போன வழி” என்பது. தொடர்ந்து 10 வருடம் தடையின்றிப் பாவித்தால் வழியுரிமை கிடைக்கும் என்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலிருந்து வருவது. ஆனால் இந்தக் குடும்பத்தில் அந்த முப்பது வருடம் எண்ணில் வராது. இரண்டு பங்கும் தகப்பன் பெயரில் இருந்தவரை அவர் நடந்தது தன் சொந்தக் காணியில். தன் காணிமேல் ஒருவருக்கு வழியுரிமை என்று தனியாக ஒன்று இருக்க முடியாது. ஆகவே கணக்கு இரண்டு உறுதிகளும் எழுதப்பட்ட நாளில்தான் தொடங்கும்.

அதிலும் இடம்பெயர்வு குறுக்கே வரும். 2008, 2009இல் ஊரை விட்டு வெளியேறி, 2010இலோ அதற்குப் பிறகோ திரும்பியவர்களின் பாவனை நடுவில் அறுந்தது என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதிடும். மீளக் குடியேறிய நாளிலிருந்து 10 வருடத்தைக் காட்ட முடிந்தால் அதைக் காட்டுவதே பாதுகாப்பு.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் அனுமதி. காணிக்காரரைக் கேட்டு, அவர் விட்டதால் போன பாவனை எத்தனை வருடம் போனாலும் உரிமையாகாது. சொந்தக்காரருக்குள் இதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அக்காவிடம் திறப்பு வாங்கிப் படலை திறந்தவர், அறுவடைக்கு முன் “நாளைக்கு மெசின் வருது” என்று சொல்லிவிட்டுப் போனவர் எல்லாம் அனுமதியோடு போனவர்களாகவே பார்க்கப்படுவார்கள். பாவனை நிறுவப்பட்டாலும் அது பாவித்த அளவுக்குத்தான். நடந்தும் சைக்கிளிலும் மட்டும் போன ஒற்றையடிப் பாதை உழவு இயந்திரப் பாதையாக மாறாது. ஒவ்வொரு போகத்துக்கும் வெவ்வேறு வரம்பால் போனவருக்கு, தடம் ஒன்றென்று காட்ட முடியாததால் அதுவும் கிடைக்காது.

மகனுடைய பலமான நியாயம் வேறு. றோட்டுக்குப் போக வேறு வழியே இல்லாத காணிக்கு, இன்றியமையாத தேவை என்ற அடிப்படையில் வழி கேட்கலாம். இது எங்கள் நாட்டில் நடைமுறையிலுள்ள உரோம டச்சுச் சட்டத்திலிருந்து வருவது. இதற்கு 10 வருடப் பாவனை தேவையில்லை. அனுமதியோடு போனார் என்பதும் இதைக் கெடுக்காது. வழி கேட்பவர் காட்ட வேண்டியது தேவையை. சுற்றுவழியாகப் போகலாம், வாய்க்கால் கட்டால் போகலாம் என்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால் வழக்குத் தளர்ந்துவிடும். வசதிக்குறைவு தேவையாகாது. அதனால் மாற்றுவழி என்று சொல்லப்படுவது மாரியில் நீரில் மூழ்குமா, அது யாருடைய காணி, அதில் போக உங்களுக்கு உரிமை உண்டா என்பதை வரைபடத்தோடு முன்கூட்டியே தயார்செய்ய வேண்டும்.

வழியை யாரிடம் கேட்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பின் காணிக்குக் கிழக்கே இருக்கும் அயலவரின் காணியால் போனால் றோட்டு இன்னும் கிட்ட என்று அவர்மீது வழக்குப் போடுவார்கள். ஆனால் இந்தக் காணி வழியில்லாமல் போனது குடும்பம் பிரித்ததால். ஆகவே தாய்க்காணியின் மற்றப் பங்கின்மேல்தான் முதலில் கேட்க வேண்டும். அந்தப் பங்கு இப்போது வேறொருவர் கையில் இருப்பதால் மட்டும் சுமை அயலவருக்கு மாறாது. தாய்க்காணிக்கே வழி இல்லாமல் இருந்தால்தான் அயல் காணிகளைப் பார்க்கலாம். அங்கே கிட்டிய, காணிக்காரருக்குக் குறைந்த பாதிப்புத் தரும் வழியே கிடைக்கும். நட்டஈடும் கொடுக்க வேண்டிவரும்.

படலை பூட்டப்பட்டவுடன் செய்ய வேண்டியது, வேலியைப் பிடுங்காமல் படம் எடுப்பது. சண்டை வரும் நிலை இருந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் பொலிஸார் நீதிமன்றுக்கு அறிக்கையிடலாம். அவர்கள் அசையாவிட்டால் நீங்களே சத்தியக்கடதாசியுடன் நேரடியாக விண்ணப்பிக்கலாம். காணியின் ஆட்சி பற்றிய பிணக்கு 68ஆம் பிரிவிலும், பாதை போன்ற உரிமைகள் பற்றிய பிணக்கு 69ஆம் பிரிவிலும் வரும். பாதைக்காரர் தன் வழக்கை 69இல் வைக்க வேண்டும். இது பெரும்பாலும் சத்தியக்கடதாசிகளையும் ஆவணங்களையும் பார்த்தே தீர்க்கப்படுவதால், முதல் தவணையில் கொடுக்காத ஆவணம் பிறகு உதவுவது குறைவு. கிராம அலுவலரின் கடிதம், கமநல சேவை நிலையத்தில் வயல் பதிந்த விபரம், தடம் தெரியும் பழைய செய்மதிப் படம், அயலவர் சத்தியக்கடதாசி ஆகியவற்றை அப்போதே சேருங்கள். கூகிள் ஏர்த்தில் பழைய வருடங்களின் படங்களைப் பார்க்கலாம்; மண் தடம் பல இடங்களில் தெளிவாகத் தெரியும். இந்தக் கட்டளை தற்காலிகமானது. நிலையான உரிமையை மாவட்ட நீதிமன்றமே தீர்மானிக்கும். அங்கே பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை அடி என்பதை அளவையாளரின் படத்தோடு சொல்ல வேண்டும். முன் காணிக்குப் பல பங்குதாரர் இருந்தால் எல்லோரும் எதிராளிகளாக வேண்டும்.

இவ்வளவு அலைச்சலும் உறுதி எழுதிய அன்று ஒரு பந்தி எழுதியிருந்தால் வந்திராது. “வழி வாய்க்கால் உரித்துடன்” என்று மட்டும் எழுதுவது போதாது. எந்த வழி, எவ்வளவு அகலம் என்று கேட்டால் அந்தச் சொற்களில் பதில் இல்லை. நில அளவையாளரைக் கொண்டு முன் பங்கை ஒரு துண்டாகவும், பின் பங்கை இன்னொன்றாகவும், பாதையை மூன்றாவது துண்டாகவும் வரைபடத்தில் பிரியுங்கள். எங்கள் உதாரணத்தில் 12 அடி அகலத்தில் 264 அடி நீளப் பாதைக்கு 3,168 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 11.6 பேர்ச் போகும். 320 பேர்ச் கொண்ட முன் பங்கில் இது பெரிய இழப்பல்ல. பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் திரும்ப வேண்டிய மூலையில் எல்லையைச் சரிவாக வெட்டி அளக்கச் சொல்லுங்கள். நேர்ப்பாதை அகலமாக இருந்தும் மூலையில் வேலிக்கட்டை முறிந்து சண்டை வந்த இடங்கள் ஏராளம்.

உறுதியில் வரைபட இலக்கம், திகதி, பாதைத் துண்டின் இலக்கம், அகலம், நடந்தும் கால்நடையோடும் வண்டி வாகனத்தோடும் போகும் உரிமை, மின்கம்பியும் நீர்க்குழாயும் கொண்டுபோகும் உரிமை எல்லாம் எழுதப்பட வேண்டும். கடைசி இரண்டும் நடக்கும் உரிமைக்குள் தானாக அடங்காது. பாதையைத் திருத்தும் செலவு யாருடையது என்பதையும் சேருங்கள். இதே பந்தி இரண்டு உறுதிகளின் அட்டவணையிலும் வர வேண்டும்.

வெள்ளைக் கடதாசியில் எழுதிக் கையொப்பமிட்ட ஒப்பந்தம் இதற்கு உதவாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். ஏற்கனவே பிரித்துவிட்ட குடும்பங்கள் இப்போதும் தனி உறுதியாக எழுதலாம். முன் காணி தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண்ணின் பெயரில் இருந்தால் கணவனின் எழுத்துமூல சம்மதமும் தேவை. கணவன் வெளிநாட்டில் இருந்தால் அற்றோணித் தத்துவத்தை முதலே எடுப்பியுங்கள். பிறகு காணிப் பதிவகத்தில் இரண்டு காணிகளின் பதிவேட்டுப் பக்கங்களிலும் பதிவு விழுந்ததா என்று பாருங்கள். பின் காணியின் பக்கத்தில் மட்டும் பதிந்தால், முன் காணியை வாங்க வருபவர் தேடும் பக்கத்தில் அது தெரியாது. அவர் விலை கொடுத்து வாங்கித் தன் உறுதியை முதலில் பதிந்துவிட்டால் உங்கள் பதியாத உறுதி பின்தள்ளப்படலாம்.

மேலே சொன்னவை உறுதிக் காணிகளுக்கு. குடியேற்றத்திட்டங்களில் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தோடு இருக்கும் காணிகளில் நிலைமை வேறு. அங்கே அனுமதிப்பத்திரக்காரர் உரிமையாளர் அல்ல. அவர் அயலவருக்குப் பாதை எழுதிக் கொடுக்க முடியாது. அரசுக்கு எதிராக 10 வருட ஆட்சியும் ஓடாது. பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சில் பிரித்த துண்டுகளும் சட்டத்தில் தனிக் காணிகள் அல்ல. அங்கே முதல் வேலை, பிரதேச செயலகக் காணிப் பிரிவில் காணித்துண்டுப் படத்தைப் பார்ப்பது. படத்தில் பாதைக்கென ஒதுக்கிய நிலம் இருந்து, அயலவர் அதையும் சேர்த்து வேலி போட்டிருப்பது அடிக்கடி காணப்படுகிறது. அப்படியானால் உங்களுக்குச் சிவில் வழக்கே தேவைப்படாது. அது அரச காணி. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி (ஆட்சி மீளப் பெறுதல்) சட்டத்தின்கீழ் பிரதேச செயலாளர் அறிவித்தல் கொடுத்து, விடாவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். உங்கள் கடிதத்தில் அனுமதிப்பத்திர இலக்கம், படத்தின் இலக்கம், துண்டு இலக்கம், அடைத்த இடத்தின் படம் ஆகியவற்றை இணைத்து, அளவையாளரைக் கொண்டு ஒதுக்கீட்டின் எல்லையை மீள அடையாளமிடக் கேளுங்கள். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரதியை வைத்திருங்கள்.

இப்படிக்கு,
நொத்தாரிசு ஒருவர்,
வவுனியா.