காபி உரையாடல்களை நடத்தித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள குழுவினருக்கு,

சிங்கப்பூர், பெர்லின், டொராண்டோ ஆகிய மூன்று நகரங்களில் நால்வர் நால்வராக இருந்து பணியாற்றும் நம் பன்னிருவருக்காகத் தொடங்கிய இணையவழிக் காபி உரையாடல்களின் முதல் தொடர் நிறைவடைந்திருக்கிறது. அதற்குத் துணைநின்றவர்களுக்கு என் நன்றியை எல்லோரும் அறியத் தெரிவிக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி இணைகளை வகுத்துத் தந்த பெர்லின் தோழருக்கு. பன்னிரண்டு பேரில் இருவர் இருவராகச் சேர்த்தால் 66 இணைகள் வரும். ஆனால் ஒரே நகரத்தவர் அன்றாடம் பேசிக்கொள்பவர்கள் என்பதால் அந்த 18 இணைகளை அவர் முதலிலேயே நீக்கிவிட்டார். மீதமுள்ள 48 இணைகளையும் சுற்றுக்கு ஆறு வீதம் எட்டுச் சுற்றுகளில் அடக்கி, எந்த இருவரும் மறுமுறை சந்திக்காதபடியும், எவரும் எந்தச் சுற்றிலும் தனித்து விடப்படாதபடியும் அட்டவணை அமைத்தார். குலுக்கல் முறையில் விட்டிருந்தால் சிலர் ஒருவரையே திரும்பத் திரும்பச் சந்தித்திருப்பார்கள், சிலர் சந்திக்காமலே போயிருப்பார்கள். யாரேனும் விடுப்பில் சென்றபோது தனித்துப்போனவரை வேறோர் இணையுடன் மூன்றாமவராகச் சேர்த்தார். அப்போதும் அந்த மூவர் மூன்று நகரத்தவராக அமையாமல் பார்த்துக்கொண்டார். ஏனெனில் குளிர்காலத்தில் பெர்லினில் பிற்பகல் 2 மணி என்றால் டொராண்டோவில் காலை 8, சிங்கப்பூரில் இரவு 9. மூவருக்கும் ஒருசேர ஏற்ற நேரம் கிடைப்பது அரிது.

அடுத்து, சிங்கப்பூர், டொராண்டோ நண்பர்கள் எண்மருக்கும். பெர்லின்காரர்களுக்கு இந்தத் தொடர் எளிது. குளிர்காலத்தில் அவர்களுடைய காலை 9 மணி சிங்கப்பூரில் மாலை 4, அவர்களுடைய பிற்பகல் 3 மணி டொராண்டோவில் காலை 9. சிங்கப்பூருக்கும் டொராண்டோவுக்கும் இடையிலோ குளிர்காலத்தில் 13 மணி நேரமும் கோடையில் 12 மணி நேரமும் வேறுபாடு இருப்பதால், வேலைநேரத்தில் இருவரும் சந்திக்க வழியே இல்லை. ஒருவர் காலையில் பேசினால் மற்றவர் இரவில்தான் பேசியாக வேண்டும். அந்தச் சிரமம் ஒரே பக்கத்தின் தலையில் விழக்கூடாது என்று நீங்களே முன்வந்து கேட்டதால்தான், ஒவ்வொருவருக்கும் அமைந்த நான்கு உரையாடல்களில் இரண்டு காலையிலும் இரண்டு இரவிலும் வருமாறு மாற்றினோம். இப்படிச் சிரமத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டதே தொடர் பாதியில் நின்றுபோகாததற்கு முதற்காரணம் என்பது என் கருத்து. டொராண்டோவின் வெள்ளி இரவு சிங்கப்பூரின் சனி காலை என்பதையும், சிங்கப்பூரின் திங்கள் காலை டொராண்டோவின் ஞாயிறு இரவு என்பதையும் நினைவூட்டி, வாரஇறுதி விடுமுறை கரையாமல் காத்தவரும் உங்களில் ஒருவரே.

நாட்காட்டி அழைப்புகளைக் கவனித்துக்கொண்டவருக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். கனடாவில் டொராண்டோ தன் கடிகாரத்தை மார்ச் இரண்டாம் ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறது. ஐரோப்பா அதையே மார்ச் கடைசி ஞாயிறன்று செய்கிறது. சிங்கப்பூர் மாற்றுவதே இல்லை. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களில் பெர்லினுக்கும் டொராண்டோவுக்கும் உள்ள வேறுபாடு ஆறிலிருந்து ஐந்து மணி நேரமாகக் குறைகிறது. பெர்லின் நேரத்தில் பிற்பகல் 3 மணிக்கென்று பதிந்த தொடர் அழைப்பு, டொராண்டோவில் 9 மணியிலிருந்து 10 மணிக்குத் தானாக நகர்ந்து, அங்கே வேறு கூட்டத்தின்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். இதை முன்கூட்டியே கண்டு, அந்த வாரங்களுக்குரிய அழைப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பதிந்து, இரு நகரத்து நேரத்தையும் அழைப்பின் தலைப்பிலேயே எழுதினார். அக்டோபர் கடைசி ஞாயிறுக்கும் நவம்பர் முதல் ஞாயிறுக்கும் நடுவே அதே வேறுபாடு மீண்டும் ஒரு வாரம் வரும். அதற்கும் இப்போதே குறித்து வைத்திருக்கிறார்.

உரையாடலின் 25 நிமிடங்களையும் வேலைநேரமாகக் கணக்கிட்டு, இரவில் பேசியவர்கள் மறுநாள் தாமதமாகத் தொடங்கவும் இசைந்த மேலாளருக்கு நன்றி. என்ன பேசினீர்கள் என்று அவர் ஒருமுறையும் கேட்கவில்லை. பதிவு, குறிப்பு, அறிக்கை எதுவும் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் "நடந்ததா, இல்லையா?" என்ற ஒரே கேள்வியை அனுப்பி விடைகளைத் தொகுத்த தோழிக்கும் நன்றி. ஒருமுறை தள்ளிப்போன உரையாடல் பெரும்பாலும் நடந்துவிடும் என்பதையும், இருமுறை தள்ளிப்போனது தானாக நடக்காது என்பதையும் அந்த விடைகளிலிருந்தே அவர் கண்டறிந்தார். அதன்பின் இரண்டாம் முறை தள்ளிப்போனவர்களுக்கு அவரே புதிய நேரம் குறித்துக் கொடுத்தார். காரணம் சொல்லாமல் ஒரு சுற்றிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைச் சேர்த்ததும் அவரே.

இரண்டாம் தொடரிலும் அதே அட்டவணைதான். ஆனால் முதல் தொடரை இரவு முறையில் தொடங்கியவர்கள் இம்முறை காலை முறையில் தொடங்குவார்கள்.

நன்றியுடன்,
காபி உரையாடல் ஒருங்கிணைப்பாளர்